சுவரில் மாட்டிய அங்கீகாரம்



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர் கேட்டார்: "ஒரு சான்றிதழைப் பற்றி ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது?" இருக்கிறது. தணிக்கைத் தொழிலில் இருக்கும் என்னிடம் இப்போதெல்லாம் அடிக்கடி வரும் கேள்வி வருமான வரியைப் பற்றியது அல்ல. கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "சார், இது கவர்மெண்ட் அப்ரூவ்டு கம்பெனிதானே?" என்று கேட்கிறார்கள். படத்தில் இருப்பது பெரும்பாலும் ஒன்றுதான்: மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை கொடுத்த ஸ்டார்ட்அப் அங்கீகாரச் சான்றிதழ். சுருக்கமாக டி.பி.ஐ.ஐ.டி. சான்றிதழ் என்பார்கள். கேட்பவர் பணம் போடப் போகிறவராக இருப்பார், கடனுக்குச் சரக்கு கொடுக்கப் போகிறவராக இருப்பார், அல்லது மகனை வேலைக்கு அனுப்பப் போகிறவராக இருப்பார்.

இந்தக் கேள்வி சென்னைக்கும் கோவைக்கும் மட்டும் உரியது என்று இனி சொல்ல முடியாது. 2024 பிப்ரவரியில் நம் விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் மினி டைடல் பூங்கா திறந்தார்கள். திண்டிவனத்தில் சிப்காட் வந்திருக்கிறது. அதற்குள் உணவுப் பூங்காவுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கல்லூரி முடித்த பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்து பிரைவேட் லிமிடெட் தொடங்குவது இங்கேயும் சாதாரணமாகிவிட்டது. அவர்களில் பெரும்பாலோர் நேர்மையானவர்கள். நேர்மையானவர்களுக்கும் அல்லாதவர்களுக்கும் ஒரே மாதிரிச் சான்றிதழ்தான் கிடைக்கிறது. இன்று நான் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

முதலில் அந்தத் தாளை வாசித்துப் பார்ப்போம். மாட்டி வைக்கிறவர்களும் வாசிப்பதில்லை, பார்த்து மயங்குகிறவர்களும் வாசிப்பதில்லை. மேலே அரசு இலச்சினை. ஒரு சான்றிதழ் எண். DIPP என்று தொடங்கிப் பின்னால் இலக்கங்கள் வரும். 2019இல் துறையின் பெயர் மாறியது. அதற்கு முன் இருந்த பெயரின் சுருக்கம் எண்ணில் தங்கிவிட்டது. அந்த எழுத்துகளைப் பார்த்து யாரும் சந்தேகப்பட வேண்டாம். அடுத்து உடல் பகுதி. இன்ன நிறுவனம், இன்ன தேதியில், பிரைவேட் லிமிடெட்டாகவோ எல்.எல்.பி.யாகவோ பதிவு செய்யப்பட்ட கூட்டாண்மையாகவோ தொடங்கப்பட்டது. அது ஸ்டார்ட்அப் என்று அங்கீகரிக்கப்படுகிறது. இன்ன தொழிலில், இன்ன பிரிவில் இயங்குகிறது.

நான் பார்த்த சான்றிதழ்களில் இந்த இடத்தில் சிறிய வாசகம் ஒன்று உண்டு: அவர்களே உறுதியளித்தபடி. அதாவது, இந்த நிறுவனம் வேளாண்மையில் இருக்கிறது, உணவு பதப்படுத்துகிறது என்பதைத் துறை தன் கண்ணால் பார்த்துச் சொல்லவில்லை. நிறுவனம் சொன்னதைத் துறை திரும்பச் சொல்கிறது. சான்றிதழே இதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறது. சட்டம் போட்டு மாட்டும்போது இந்த வரிதான் யார் கண்ணிலும் படுவதில்லை.

கடைசியில் செல்லுபடிக் காலம். நிறுவனம் பதிவான நாளிலிருந்து பத்து ஆண்டு வரை, அதுவும் எந்த நிதியாண்டிலும் விற்றுமுதல் வரம்பைத் தாண்டாதிருந்தால் மட்டும் என்ற நிபந்தனையோடு. 2019 பிப்ரவரி 19 அறிவிக்கையில் அந்த வரம்பு 100 கோடி ரூபாய். இந்த எண்களை அரசு அவ்வப்போது மாற்றுகிறது. 2016இல் தொடங்கியபோது ஐந்து ஆண்டு, 25 கோடி என்று இருந்தது. 2017இல் ஏழு ஆண்டு ஆனது. ஆகவே எந்தச் சான்றிதழைப் பார்த்தாலும் அது எந்த அறிவிக்கையின்கீழ் வந்தது என்று தேதியை வைத்துப் பார்க்க வேண்டும்.

2016இலிருந்து 2017க்குள் நடந்த இன்னொரு மாற்றம் எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுகிறது. முதலில் அங்கீகாரம் கேட்கிறவர், தொழில்முனைவு வளர்ப்பகம் போன்ற ஒரு வெளி அமைப்பிடமிருந்து, இந்த வணிகத்தில் புதுமை இருக்கிறது என்று பரிந்துரைக் கடிதம் வாங்கி வர வேண்டியிருந்தது. சிறிய ஊரில் இருப்பவருக்கு அந்தக் கடிதம் குதிரைக்கொம்பு. 2017 மே மாதம் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். நல்லதுதான் செய்தார்கள். அது இருந்திருந்தால் திண்டிவனத்துப் பையன் சென்னையில் யார் யார் வாசலிலோ நின்றிருப்பான். ஆனால் கதவைப் பெரிதாகத் திறந்ததற்கு ஒரு விலை உண்டு. வெளியாள் ஒருவர் பார்த்துச் சொன்னார் என்ற பொருள் அந்தத் தாளிலிருந்து போய்விட்டது.

இப்போது விண்ணப்பம் இணையவழியில் போகிறது. நிறுவனப் பதிவுச் சான்று, இயக்குநர்கள் விவரம், என்ன பிரச்சினையைத் தீர்க்கிறோம், அதில் என்ன புதுமை, பணம் எப்படி வரும் என்று ஒரு விளக்கம், கூடவே இணையதளமோ காணொளியோ விளக்கப் படத் தொகுப்போ. துறை தேவைப்பட்டால் ஆவணம் கேட்கலாம், விசாரிக்கலாம், காரணம் சொல்லி மறுக்கலாம். மறுப்பதும் உண்டு. ஆனால் அங்கீகாரத்துக்கு முன் யாரும் உங்கள் ஊருக்கு வந்து, விலாசத்தில் செக்கு ஓடுகிறதா, ஆள் வேலை செய்கிறார்களா என்று பார்ப்பது வழக்கமான நடைமுறை இல்லை. கணக்கு வழக்கைத் தணிக்கை செய்வதும் இல்லை.

சரிபார்ப்புக்கு வருகிறேன். ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பெயர் வைக்க வேண்டாம். திண்டிவனத்தில் ஒரு கம்பெனி. மல்லாட்டை வாங்கி, எண்ணெய் ஆட்டி, புட்டியில் அடைத்து, எந்த ஊர் நிலத்தில் விளைந்த மல்லாட்டை என்று வாங்குபவர் கைப்பேசியில் பார்க்கிற மாதிரி ஒரு செயலியோடு விற்கிறது. 1930களிலிருந்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர். டி.எம்.வி. என்று தொடங்கும் மல்லாட்டை ரகங்களின் பெயரிலேயே திண்டிவனம் இருக்கிறது. ஆகவே யோசனை நம்பும்படியாகத்தான் இருக்கிறது. சான்றிதழில் நிறுவனம் பதிவான நாள் 12.08.2021. அங்கீகாரம் கிடைத்த நாள் 03.02.2024. செல்லுபடி 11.08.2031 வரை. நாம் பார்ப்பது 2026 தொடக்கத்தில்.

முதல் வேலை, அந்தச் சான்றிதழ் உண்மையானதுதானா என்பது. startupindia.gov.in என்ற முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போக வேண்டும். நோட்டீசில் அச்சிட்ட கியூ.ஆர். கட்டத்தையோ வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பையோ தொடக் கூடாது. போலிச் சான்றிதழ் செய்யத் தெரிந்தவருக்குப் போலிப் பக்கம் செய்யவும் தெரியும். அந்தத் தளத்தில் சான்றிதழைச் சரிபார்க்க ஒரு பக்கம் இருக்கிறது. DIPP எண்ணை வைத்துத் தேடினால் நிறுவனத்தின் பெயர் வர வேண்டும். வருகிற பெயரையும் தாளில் இருக்கும் பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். வேறொருவர் எண்ணை எடுத்துத் தன் பெயரைப் பொருத்துவதுதான் மிக எளிய மோசடி. எண் மெய்யானதாக இருக்கும், பெயர் பொய்யாக இருக்கும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. அதே தளத்தில் யார் வேண்டுமானாலும் கணக்கு தொடங்கி, தன் நிறுவனத்துக்கு ஒரு சுயவிவரப் பக்கம் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பக்கத்தின் படத்தை எடுத்து, "பாருங்கள், அரசுத் தளத்திலேயே நம் கம்பெனி இருக்கிறது" என்று காட்டுகிறார்கள். தளத்தில் பக்கம் இருப்பது வேறு, அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. அங்கீகாரம் பெற்றவற்றுக்கு அந்தக் குறிப்பு தனியாகத் தெரியும். அதேபோல உத்யம் பதிவைக் காட்டுவார்கள். UDYAM-TN என்று தொடங்கும் எண். அது குறு, சிறு, நடுத்தரத் தொழில் பதிவு. சொந்த உறுதிமொழியின் பேரில் கிடைப்பது. ஸ்டார்ட்அப் அங்கீகாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நம் மல்லாட்டைக் கம்பெனியின் எண் சரியாக இருக்கிறது, பெயரும் பொருந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலோர் இங்கே நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு இங்கேதான் வேலை தொடங்குகிறது. ஏனென்றால் 2024 பிப்ரவரியில் ஒரு நாள் துறை ஒப்புக்கொண்டது என்பது மட்டும்தான் இதுவரை தெரிந்திருக்கிறது. இன்று கம்பெனி எப்படி இருக்கிறது என்பதை வேறொரு தளம் சொல்லும். அது mca.gov.in, கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளம்.

அதில் கம்பெனியின் அடிப்படை விவரங்களைக் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். கம்பெனியின் அடையாள எண் இருபத்தொரு எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. முதல் எழுத்து U என்றால் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாதது. அடுத்த ஐந்து இலக்கம் தொழிலைக் காட்டும். உணவுப் பொருள் உற்பத்தி என்றால், 2021இல் பதிவான கம்பெனிகளுக்கு அது 15 என்று தொடங்கும். பிறகு மாநிலக் குறி, சென்னைப் பதிவாளரிடம் இருந்தால் TN, கோவைப் பதிவாளரிடம் இருந்தால் TZ. பிறகு பதிவான ஆண்டு, PTC என்றால் பிரைவேட், கடைசியில் ஆறு இலக்கம். நம் கம்பெனியின் எண்ணில் 2021 இருக்க வேண்டும். தொழில் குறி மென்பொருளைக் காட்டினால், எண்ணெய் ஆட்டுவதாகச் சொல்பவரிடம் ஏன் என்று கேட்கலாம். குற்றம் என்று சொல்லவில்லை. பின்னால் தொழிலை மாற்றியிருக்கலாம். கேட்டால் நேரான பதில் வருகிறதா என்பதுதான் சோதனை.

அடுத்து நிலை. Active என்று இருக்கும், அல்லது Strike Off என்று இருக்கும். பெயர் நீக்கப்பட்ட கம்பெனியின் பழைய சான்றிதழ் சுவரில் 2031 வரை செல்லும் என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் ஒன்றரை லட்சத்தை எப்போதோ தாண்டிவிட்டன. அவற்றில் ஆயிரக்கணக்கானவை மூடப்பட்டுவிட்டன என்று அரசே நாடாளுமன்றத்தில் எழுத்து மூலம் சொல்லியிருக்கிறது. தொழிலில் மூடுவது இயல்பு, அவமானமும் இல்லை. ஆனால் மூடியதைத் தாள் சொல்லாது.

Active என்று இருந்தால் போதுமா? போதாது. அது பதிவேட்டில் பெயர் இருக்கிறது என்பதற்குத்தான் சாட்சி. அதற்குக் கீழே இரண்டு தேதிகள் இருக்கும்: கடைசி ஆண்டுப் பொதுக்குழு நடந்த நாள், கடைசியாகத் தாக்கல் செய்த இருப்புநிலைக் குறிப்பின் நாள். நம் கம்பெனிக்கு இரண்டாவது தேதி 31.03.2023 என்று இருக்கிறது என்று வையுங்கள். பொதுவாக மார்ச்சில் முடியும் ஆண்டுக்குச் செப்டம்பர் முடிவதற்குள் பொதுக்குழு, அதிலிருந்து முப்பது நாளுக்குள் கணக்கு தாக்கல். ஆக 2024 கணக்கும் வரவில்லை, 2025 கணக்கும் வரவில்லை. அங்கீகாரம் வாங்கிய மாதத்துக்குப் பிறகு ஒரு கணக்கும் கொடுக்காத கம்பெனி. தொடர்ந்து மூன்று ஆண்டு கொடுக்காவிட்டால் இயக்குநர்களே தகுதி இழப்பார்கள். இந்த ஒரு தேதி, அந்தச் சட்டம் போட்ட தாளைவிட எனக்கு அதிகம் சொல்கிறது.

கணக்கே பார்க்க வேண்டுமானால் நூறு ரூபாய் கட்டணத்தில் அதே தளத்தில் கம்பெனியின் பொது ஆவணங்களைத் திறந்து படிக்கலாம். செலுத்திய மூலதனம் எவ்வளவு, விற்றது எவ்வளவு, கடன் எவ்வளவு எல்லாம் அதில் வரும். ஐந்து லட்சம் கொடுக்கப் போகிறவர் இந்த நூறு ரூபாயைச் செலவழிக்கத் தயங்குவதைப் பார்க்கும்போது எனக்கு விளங்குவதே இல்லை.

இப்போது இந்தக் கம்பெனி வாசலில் இரண்டு பேரை நிறுத்திப் பார்ப்போம்.

முதலாமவர் விவசாயி. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் போனால் என்ன விலை என்று தெரியும். கம்பெனி மூட்டைக்கு அதைவிடச் சற்றுக் கூடத் தருகிறேன் என்கிறது, ஆனால் தொண்ணூறு நாள் கழித்து. சான்றிதழைக் காட்டி, "நாங்க சென்ட்ரல் கவர்மெண்ட் அங்கீகாரம் பெற்ற கம்பெனிங்க, எங்க போயிடப் போறோம்?" என்கிறார்கள். அவர் பார்க்க வேண்டியது அமைச்சகத் தளத்தில் இருக்கும் அடமானப் பட்டியல். கம்பெனி வங்கியில் கடன் வாங்கி, சரக்கையும் வரவேண்டிய பாக்கியையும் ஈடாகக் கொடுத்திருந்தால், அதை முப்பது நாளுக்குள் அங்கே பதிய வேண்டும். அந்தப் பட்டியலையும் இலவசமாகப் பார்க்கலாம். அப்படி ஒரு பதிவு இருந்தால் பொருள் என்னவென்றால், இவர் மூட்டையைக் கிடங்கில் இறக்கிய கணம் அது வங்கியின் ஈட்டுக்குள் போய்விடுகிறது. கம்பெனி நொடித்தால் முதல் கை வங்கியுடையது. விவசாயி ஈடில்லாக் கடன்காரராக வரிசையின் பின்னால் நிற்பார். ஸ்டார்ட்அப் அங்கீகாரம் அந்த வரிசையில் அவரை ஓர் அடிகூட முன்னால் நகர்த்தாது. வங்கிக் கடன் இருப்பது கெட்ட கம்பெனிக்கு அடையாளம் அல்ல. ஓடுகிற கம்பெனிக்குத்தான் வங்கி கடன் கொடுக்கும். ஆனால் தொண்ணூறு நாள் கடனுக்குக் கொடுக்கலாமா, முப்பது நாளுக்கா, பாதிப் பணம் கையில் வாங்கிக்கொண்டா என்று முடிவுசெய்ய இது தெரிந்திருக்க வேண்டும்.

அவர் பார்க்க வேண்டியது இன்னும் ஒன்று. ஜி.எஸ்.டி. எண்ணை gst.gov.in தளத்தில் போட்டால், பதிவு நடப்பில் இருக்கிறதா, மாதக் கணக்குகள் தாக்கலாகி வருகின்றனவா என்று தெரியும். சரக்கு வாங்கி விற்கும் கம்பெனி நான்கு மாதமாகத் தாக்கல் செய்யவில்லை என்றால் அங்கே ஏதோ நின்றிருக்கிறது.

இரண்டாமவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. விழுப்புரத்தில் வீடு. பணிக்கொடைப் பணம் வங்கியில் இருக்கிறது. "டீச்சர், அஞ்சு லட்சம் குடுங்க, மாசம் ரெண்டு பர்சன்ட் தர்றோம், எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம்." அதே சான்றிதழ், அதே சட்டம். இங்கே அங்கீகாரம் உண்மையா பொய்யா என்ற கேள்வியே இரண்டாம் பட்சம். உண்மையாக இருந்தாலும், பங்குதாரரோ இயக்குநரோ அல்லாத ஒருவரிடம் இப்படி வைப்புத்தொகை வாங்க ஒரு பிரைவேட் கம்பெனிக்கு அது உரிமை கொடுப்பதில்லை. கம்பெனிச் சட்டம் 73ஆம் பிரிவு தடுக்கிறது. அதற்கு மேல் 2019ஆம் ஆண்டின் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம் இருக்கிறது. நம் மாநிலத்தில் 1997ஆம் ஆண்டின் வைப்பீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

விஷயம் தெரிந்த ஆள் இங்கே ஒரு பதில் வைத்திருப்பான். "இது டெபாசிட் இல்லீங்க டீச்சர், கன்வர்டிபிள் நோட். ஸ்டார்ட்அப்புக்கு மட்டும் சட்டம் அனுமதிச்சிருக்கு." பாதி உண்மை. வைப்புத்தொகை விதிகளில் அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்புக்கு அப்படி ஒரு விலக்கு உண்மையாகவே இருக்கிறது. பின்னால் பங்காக மாற்றிக்கொள்ளவோ திருப்பித் தரவோ கூடிய பத்திரத்தின் பேரில் வாங்கும் பணம் வைப்புத்தொகை ஆகாது. ஆனால் அதற்கு அளவு உண்டு: ஒரே ஆளிடமிருந்து ஒரே தவணையில் 25 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல். சிறு சேமிப்புக்காரரை இதற்குள் இழுக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கீழ்வரம்பு. டீச்சரின் ஐந்து லட்சம் அதில் அடங்காது. அங்கீகாரம் ஒரு கம்பெனிக்கு உண்மையாகவே கூடுதல் வசதி தரும் இடம் இது. அந்த வசதியும் டீச்சரைப் போன்றவரிடம் கை நீட்ட உதவாது.

வேறொன்றும் சொல்வார்கள்: "பங்கு தர்றோம்." பங்கு தருவதற்கும் முறை இருக்கிறது. தனிப்பட்ட ஒதுக்கீடு என்றால் பெயர் குறிப்பிட்டு அழைத்தவருக்கு மட்டும், ஒரு வகைப் பங்குக்கு ஓர் ஆண்டில் இருநூறு பேருக்கு மேல் போகாமல், வங்கி வழியாக மட்டும் பணம் வாங்கி, அறுபது நாளுக்குள் பங்கு ஒதுக்கி, பதிவாளரிடம் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். விளம்பரம் செய்யக் கூடாது. கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு ரொக்கமாக வாங்கினால் அது பங்கு விற்பனையே அல்ல.

ஆருத்ரா கோல்டு டிரேடிங் பெயரை இங்கே பலரும் கேட்டிருப்பீர்கள். அதுவும் ஒரு பிரைவேட் லிமிடெட். முறையாகப் பதிவான கம்பெனி. ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் வாங்கியதாகப் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிந்தது. சோதனைகள் நடந்தது 2022 மே மாதம். அது ஸ்டார்ட்அப் அங்கீகாரத்தைக் காட்டி நடந்த கதை என்று நான் சொல்லவில்லை. பதிவுச் சான்று என்ற தாள் மக்கள் மனத்தில் எவ்வளவு பெரிய அனுமதியாக மாறிவிடுகிறது என்பதற்காகச் சொல்கிறேன். வைப்புத்தொகை வாங்க அனுமதி இருக்கிறதா என்று பார்க்க ரிசர்வ் வங்கி sachet.rbi.org.in என்ற தளத்தையே வைத்திருக்கிறது. அங்கே பெயர் இல்லாவிட்டால், வேறு எத்தனை தாள் காட்டினாலும் டீச்சர் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

இன்னொரு நுட்பம் இருக்கிறது, அனுபவத்தில் இதுதான் அதிகம் கண்ணில் படாமல் போகிறது. அங்கீகாரம் ஒரு குறிப்பிட்ட நிறுவனத்துக்கு. முதலாளிக்கு அல்ல, குழுமத்துக்கு அல்ல, பெயர்ப்பலகைக்கும் அல்ல. ஒரே ஆள் ஒரு பிரைவேட் லிமிடெட், ஒரு எல்.எல்.பி., தனி உரிமைக் கடை ஒன்று என்று மூன்று வைத்திருப்பார். சான்றிதழ் பிரைவேட் லிமிடெட்டுக்கு. ரசீது எல்.எல்.பி. பெயரில். பணம் போகும் வங்கிக் கணக்கு தனி ஆளின் பெயரில். மூன்றுக்கும் பெயரின் முதல் பாதி ஒன்றாகவே இருக்கும். சட்டத்தின் கண்ணில் அவை மூன்றும் வேறு வேறு. ஆகவே சான்றிதழில் இருக்கும் முழுப்பெயர், ரசீதில் இருக்கும் முழுப்பெயர், வங்கிக் கணக்கின் பெயர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைசி வார்த்தை வரை ஒன்றாக இல்லையென்றால், நீங்கள் பார்த்த சான்றிதழ் உங்களோடு வியாபாரம் செய்பவருடையது அல்ல.

மாணவர்கள் கேட்கலாம், அப்படியானால் இந்த அங்கீகாரத்தால் என்னதான் பயன் என்று. நிறையப் பயன் உண்டு, வாங்குகிறவருக்கு. காப்புரிமைக்கு இணையவழியில் விண்ணப்பிக்கப் பெரிய கம்பெனி 8,000 ரூபாய் கட்டும் இடத்தில் அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப் 1,600 ரூபாய் கட்டும். வணிகக் குறிக்கு ஒரு வகுப்புக்கு 9,000 என்றால் இவர்களுக்கு 4,500. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இன்படி ஒப்பந்தப்புள்ளி முன்வைப்புத் தொகையிலிருந்து விலக்கு உண்டு. முன் அனுபவம், முந்தைய விற்றுமுதல் என்ற நிபந்தனைகளைத் தளர்த்தவும் இடம் இருக்கிறது. ஆனால் தரத்தில் தளர்வு இல்லை என்று அதே விதி சொல்கிறது. நம் மாநில ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பின் டான்சீட் தொடக்க நிதிக்கு விண்ணப்பிக்கவும் இந்த அங்கீகாரம் வேண்டும். அங்கீகாரம் இருந்தாலே நிதி வந்துவிடாது, அவர்கள் தனியாக மதிப்பிட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

வருமான வரி விலக்கை எடுத்துக்கொண்டால் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். அங்கீகாரம் வாங்கினால் மூன்று வருடம் வரி கிடையாது என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. 80-ஐ.ஏ.சி. பிரிவின் விலக்குக்குத் தனியாக விண்ணப்பித்து, அமைச்சகங்களுக்கு இடையிலான வாரியம் புதுமையையும் வளர்ச்சி வாய்ப்பையும் எடைபோட்டு இன்னொரு சான்று தர வேண்டும். கூட்டாண்மை நிறுவனங்களுக்கு அது கிடையவே கிடையாது. 2025 மே வரையில் அந்தச் சான்று பெற்றவை 3,700க்குச் சற்று மேல். அங்கீகாரம் பெற்றவை ஒன்றரை லட்சத்துக்கு மேல். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் சான்றை அரசு எவ்வளவு எளிதாகத் தருகிறது, உண்மையாகவே தன் வருவாயை விட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தில் எவ்வளவு யோசிக்கிறது என்று விளங்கும். அரசே முதல் சான்றிதழை நம்பி வரியை விடுவதில்லை. டீச்சர் மட்டும் ஏன் ஐந்து லட்சத்தை விட வேண்டும்?

இதில் துறையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அங்கீகாரம் என்பது அரசுக்கும் நிறுவனத்துக்கும் இடையே நடக்கும் காரியம். இன்னார் இன்ன சலுகைகளைக் கேட்கத் தகுதியுள்ளவர் என்று ஒரு பட்டியல். பொய் சொல்லி வாங்கியது தெரிந்தால் திரும்பப் பெறும் அதிகாரத்தையும் அறிவிக்கையில் வைத்திருக்கிறார்கள். மூன்றாம் ஆளுக்கு அது உத்தரவாதம் என்று எங்கேயும் எழுதவில்லை. அப்படி எழுதாததை நாம் படித்துக்கொள்கிறோம். என் குறை ஒன்று உண்டென்றால், அந்த "அவர்களே உறுதியளித்தபடி" என்ற வரியைப் பெரிய எழுத்தில், தமிழிலும் போட்டிருக்கலாம். இந்தச் சான்றிதழ் வைப்புத்தொகை வாங்க அனுமதி அல்ல என்று ஒரு வரி கீழே சேர்த்திருக்கலாம். ஒரு வரிக்கு அரசுக்கு ஒரு செலவும் இல்லை.

புதிதாகக் கம்பெனி தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் சான்றிதழை மாட்டி வையுங்கள், தப்பில்லை. பக்கத்திலேயே கம்பெனி அடையாள எண், ஜி.எஸ்.டி. எண், உணவுத் தொழில் என்றால் பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். வருகிறவர் சரிபார்க்கட்டும். விழுப்புரம் மாவட்டத்தில் நேர்மையாகத் தொழில் செய்யப் போகிறவருக்கு, சரிபார்க்கத் தெரிந்த வாடிக்கையாளரைப் போல நல்லவர் யாரும் இல்லை. ஏமாற்றுகிறவனை அவர்தான் உங்கள் பக்கத்துக் கடையிலிருந்து காலி செய்யப் போகிறார்.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யாராவது சான்றிதழைக் காட்டிப் பணமோ சரக்கோ கேட்டால் அன்றே பதில் சொல்லாதீர்கள். எண்ணைக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளை யாராவது பக்கத்தில் இருப்பார்கள். நான் சொன்ன தளங்களைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பார்த்த பக்கங்களைத் தேதியோடு அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பணம் கொடுத்துத் திரும்பி வராமல் இருப்பவர்கள், வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்காமல், ரசீதையும் வங்கிக் கணக்குப் பதிவையும் எடுத்துக்கொண்டு பொருளாதாரக் குற்றப் பிரிவில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். சொத்தை முடக்கிப் பணத்தைத் திருப்பித் தர 1997ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி இருக்கிறது. புகார் தாமதமாகத் தாமதமாக, முடக்குவதற்குச் சொத்து மிச்சம் இருக்காது.